பொருள்: பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் ஏன் – விண்ணப்ப எண் 2417, ஏ. தேவிப்ரியா

வணக்கம் மேடம்,

எம்.எஸ்சி. தரவு அறிவியல் கூட்டுப் படிப்புக்கு (முதல் வருடம் இங்கே, இரண்டாம் வருடம் ஜெர்மனி) விண்ணப்பித்திருக்கும் தேவிப்ரியா எழுதுகிறேன். சான்றிதழ்களில் DEVIPRIYA E என்றும் பாஸ்போர்ட்டில் ELUMALAI DEVI PRIYA என்றும் இருப்பதால் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருப்பதாகவும், பெயர் மாற்றத்துக்கான அரசிதழ் நகலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியும் உங்கள் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், என்னிடம் அரசிதழ் கிடையாது, ஏனென்றால் நான் பெயரை மாற்றவே இல்லை. அரசிதழில் போடுவது பழைய பெயரை விட்டுவிட்டுப் புதுப் பெயர் வைத்துக்கொள்கிறவர்கள். எனக்குப் பிறந்ததிலிருந்து ஒரே பெயர்தான், அதை ஆங்கிலத்தில் எழுதிய விதம்தான் இரண்டாகிவிட்டது. இல்லாத பெயர் மாற்றத்தை இருப்பதாகச் சொல்லி இப்போது அரசிதழில் போட்டால், பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரைக்கும் எல்லாம் 'பழைய பெயர்' ஆகிவிடும், அது எனக்கு இதைவிடப் பெரிய தலைவலி. அதனால் எங்கே எது எப்படி மாறியிருக்கிறது, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இணைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வித்தியாசம் இனிஷியல். அப்பா பெயர் ஏழுமலை, அதனால் நான் ஏ. தேவிப்ரியா. 2019 பத்தாவது மார்க் ஷீட், 2021 பிளஸ் டூ மார்க் ஷீட், 2024 சென்னைப் பல்கலைக்கழக பி.எஸ்சி. பட்டம், எல்லாவற்றிலும் DEVIPRIYA E. பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும் என்பது விதி. அந்த E-யை விரித்ததும் அப்பாவின் முழுப் பெயர் வந்து, 'சர்நேம்' கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. சர்நேமைக் காலியாக விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விடலாம்தான், அனுமதி உண்டு. ஆனால் நான் பாஸ்போர்ட் எடுத்தது 2023-ல். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்து, எங்கள் தெருவில் துபாய்க்குப் போக இருந்த இரண்டு மூன்று பேர் அலைந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு யார் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள்?

இரண்டாவது, நடுவில் ஓர் இடைவெளி. சான்றிதழில் DEVIPRIYA என்று சேர்ந்திருக்கிறது, பாஸ்போர்ட்டில் DEVI PRIYA என்று பிரிந்திருக்கிறது. என் ஆதாரில் பிரிந்துதான் இருக்கிறது, பாஸ்போர்ட்டுக்கு அடையாளச் சான்றாக அதைத்தான் கொடுத்தேன். இதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் உங்களை அதிகம் குழப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா பெயர் என் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் EZHUMALAI, பாஸ்போர்ட்டில் ELUMALAI. உங்கள் மெயிலில் 'தந்தை பெயரும் வேறாக உள்ளது' என்று இருந்தது. வேறு இல்லை மேடம், ழகரத்தை ஒருவர் ZH என்று எழுதுவார், இன்னொருவர் L என்று எழுதுவார், அவ்வளவுதான். காசிமேட்டில் எங்கள் தெருவிலேயே நான்கைந்து ஏழுமலை இருக்கிறார்கள், ஒருவர் எழுதுவது போல இன்னொருவர் எழுதுவதில்லை, Y-யில் ஆரம்பிப்பவரும் உண்டு. அப்பாவுடைய ஆதார், வாக்காளர் அட்டை இரண்டிலும் ELUMALAI M. என் ஆதாரிலும் D/O Elumalai. பாஸ்போர்ட் அதைப் பின்பற்றியது. மாநகராட்சியிலும் பள்ளியிலும் எழுதியவர்கள் ZH போட்டார்கள், அங்கே அது தொடர்ந்தது. அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அதிகாரி பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார். அதற்கப்புறம் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

தமிழில் பார்த்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. எங்கள் ரேஷன் ஸ்மார்ட் கார்டு தமிழில்தான் அச்சாகியிருக்கிறது, அதில் குடும்பத் தலைவர் ஏழுமலை, உறுப்பினர்களில் கஸ்தூரி, தேவிப்ரியா என்று இருக்கிறது. அதையும் இணைத்திருக்கிறேன். தண்டையார்பேட்டை தாசில்தார் கொடுத்த முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழில் 'செல்வி தேவிப்ரியா, த/பெ திரு ஏழுமலை' என்றே இருக்கிறது, கீழே எங்கள் முகவரியும் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அதே முகவரிதான். அந்தக் கடைசிப் பக்கத்தைத் தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள் மேடம். அப்பா பெயர் ELUMALAI, அம்மா பெயர் KASTHURI என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். முன் பக்கத்தில் சர்நேமாக இருப்பது அப்பா பெயர்தான், வேறு எங்கிருந்தும் வந்ததில்லை என்பதற்கு அதுவே போதும். விண்ணப்பத் தளத்தில் முன் பக்கத்தை மட்டும்தான் ஏற்றச் சொன்னார்கள், அதனால் இது உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

இன்னொன்று. பாஸ்போர்ட் முன் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். என்னுடையதில் முதல் வரி இது:

```
P<INDELUMALAI<<DEVI<PRIYA<<<<<<<<<<<<<<<<<<<
```

இந்த வரியில் எப்போதும் சர்நேம்தான் முதலில் வரும், இரண்டு < குறிக்கு அப்புறம்தான் சொந்தப் பெயர். உங்கள் மென்பொருளும் அதே வரிசையில் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது, அதனால்தான் எனக்கு வந்த மெயில் 'டியர் மிஸ்டர் ஏழுமலை' என்று ஆரம்பித்தது. படித்துக் காட்டியதும் அப்பா, "பரவால்லயே, சீட்டு எனக்கே குடுத்துட்டாங்களா? விசைப்படகு இன்ஜினை யாரு பாக்குறது அப்போ?" என்றார். வீட்டில் சிரித்தோம், சரி. ஆனால் விடுதி ஒதுக்கீட்டிலும் ஜெர்மனிக்குப் போகும் பட்டியலிலும் இதே மாதிரி போனால் சிரிப்பாக இருக்காது.

ஜெர்மனியில் இருக்கும் கூட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் இதை விளக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தீர்கள். அவர்களிடம் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தன் பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான். சாதிப் பெயரைப் பெயருக்குப் பின்னால் போடுவதை விட வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானமே போட்டார்கள், அந்த வழக்கம் இங்கே நிலைத்துவிட்டது. அதனால் என் சர்நேம் அப்பாவுடைய சொந்தப் பெயர். அப்பாவுக்குச் சர்நேம் கேட்டால் அது என் தாத்தா முனுசாமியின் பெயராகிவிடும், M அவர்தான். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு சர்நேம், மகளுக்கு ஒரு சர்நேம் என்றால் அவர்கள் சந்தேகப்படுவார்கள், அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். அவர்களுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமும் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

இணைப்பில் இருப்பவை: பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட்டுகள், பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் (ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தேன், மாநகராட்சி கொடுத்தது), பாஸ்போர்ட்டின் முன் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே ஃபைலில், என் ஆதார், அப்பா ஆதார், ரேஷன் கார்டு, முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ். பிறந்த தேதி இருக்கிற ஆவணம் எல்லாவற்றிலும் 14.08.2003 தான், அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு, நீங்கள் கேட்கவில்லை என்றாலும், DEVIPRIYA E, ELUMALAI DEVI PRIYA இரண்டும் ஒரே ஆள்தான், EZHUMALAI, ELUMALAI இரண்டும் என் தந்தைதான் என்று பாரிமுனையில் நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டேன். அப்பாவும் தனியாக ஒன்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அசல் என்னிடம் இருக்கிறது, சரிபார்க்கக் கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இதைத் தாண்டி தாசில்தாரிடமிருந்து 'இருவரும் ஒரே நபர்' என்று சான்று வேண்டும் என்றால் அதற்கும் தயார், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வராது, நாள் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டைத் திருத்தி EZHUMALAI என்று மறுபடி எடுக்கச் சொல்லாதீர்கள் மேடம். எடுத்தால் ஆதாரோடு ஒத்துப்போகாது, அதைத் திருத்தினால் அப்பாவுடையதையும் திருத்த வேண்டும், அப்புறம் வங்கிக் கணக்கு, அது போய்க்கொண்டே இருக்கும். பல்கலைக்கழகப் பட்டத்தில் பெயர் மாற்றச் சொல்வதும் அதே மாதிரிதான்.

நான் கேட்பது இதுதான். சேர்க்கைக் கடிதத்திலும் ஜெர்மனிக்கு அனுப்பும் பட்டியலிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரட்டும், சர்நேம் ELUMALAI, கிவன் நேம் DEVI PRIYA, ஏனென்றால் விசாவும் விமான டிக்கெட்டும் அந்தப் பெயரில்தான் எடுக்க முடியும். கடிதத்தின் கீழே குறிப்பு மாதிரி 'கல்விச் சான்றிதழ்களில் DEVIPRIYA E' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தூதரகத்தில் மார்க் ஷீட்டைப் பார்க்கிறவர்களுக்கும் கேள்வி வராது. பாலினம் என்ற இடத்தில் 'பெண்' என்று இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அந்த 'மிஸ்டர்' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். படிப்பு முடிந்து கொடுக்கும் பட்டத்தில் எந்தப் பெயர் போடுவீர்கள்? பி.எஸ்சி. பட்டத்தில் இருப்பது போல DEVIPRIYA E என்று வந்தால் இங்கே வேலைக்கு வசதி, பாஸ்போர்ட் பெயரில் வந்தால் வெளியே வசதி. உங்கள் விதிப்படி எது என்று இப்போதே தெரிந்தால் நல்லது, பின்னால் இன்னொரு மெயில் இதே நீளத்துக்கு எழுத வேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை கெடுவுக்கு முன்னாலேயே இதெல்லாம் உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று ஒரு வரி பதில் போட்டால் போதும். ஏதாவது ஃபைல் திறக்கவில்லை என்றால் விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள், மாலை ஐந்து மணி வரை டியூஷன் எடுப்பேன், அதற்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்.

நன்றி மேடம்.

ஏ. தேவிப்ரியா
(பாஸ்போர்ட்டில்: ELUMALAI DEVI PRIYA)
விண்ணப்ப எண் 2417
காசிமேடு, சென்னை