பயிற்சித் தாள்: பகாக் காரணி வழியே மீ.பெ.கா., மீ.சி.ம.

ஆறாம் வகுப்பு, கணக்கு. விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. காரணிச் செடியோ வகுத்தல் முறையோ, ஏதாவது ஒன்று நோட்டில் தெரிய வேண்டும்.

முதலில் ஒன்றைச் சேர்ந்தே போடுவோம். கிருஷ்ணகிரியில் ஒரு மண்டியில் செந்தூரா 84, பெங்களூரா 120 இருக்கின்றன. இரண்டையும் கலக்கக் கூடாது; எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும்; பெட்டி குறைவாக ஆக வேண்டும். பெட்டிக்கு எத்தனை பழம்?

84 = 2 × 2 × 3 × 7 = 2² × 3 × 7
120 = 2 × 2 × 2 × 3 × 5 = 2³ × 3 × 5

இரண்டிலும் இருப்பவை 2, 3 மட்டுமே. அவற்றின் சிறிய அடுக்கை எடுங்கள்: 2² × 3 = 12. இதுதான் மீ.பெ.கா. பெட்டிக்கு 12 பழம். செந்தூராவுக்கு 7 பெட்டி, பெங்களூராவுக்கு 10.

மீ.சி.ம.வுக்கு எந்தப் பகா எண்ணையும் விடக் கூடாது. ஒவ்வொன்றிலும் பெரிய அடுக்கு: 2³ × 3 × 5 × 7 = 840.

சரிபார்க்க: 84 × 120 = 10080. 12 × 840 = 10080.

போன வாரம் நோட்டு திருத்தியபோது பாதிப் பேர் 84 = 4 × 21 என்று எழுதி நிறுத்தியிருந்தீர்கள். 4 பகா எண்ணா? 21? செடியின் நுனியெல்லாம் பகா எண்ணாகும் வரை பிரித்துக்கொண்டே போக வேண்டும். 51-ஐயும் 91-ஐயும் பார்த்ததும் பகா எண் என்று விட்டுவிட்டவர்கள் 3-ஆலும் 7-ஆலும் வகுத்துப் பாருங்கள்.

இனி நீங்கள். 1 முதல் 3 வரை மீ.பெ.கா., மீ.சி.ம. இரண்டும் காண்க.

1. 96, 144
2. 65, 91
3. 35, 48 (பொதுக் காரணியே தென்படவில்லை என்றால் மீ.பெ.கா. 0 இல்லை. யோசியுங்கள்.)

4. தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து பென்னாகரத்துக்கு 18 நிமிடத்துக்கு ஒரு பேருந்து, பாலக்கோட்டுக்கு 24 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். காலை 6.00 மணிக்கு இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. அடுத்து ஒன்றாகக் கிளம்புவது எத்தனை மணிக்கு?

5. ஓசூர்த் தோட்டம் ஒன்றில் சிவப்பு ரோஜா 180, மஞ்சள் 150, வெள்ளை 240 பறித்தார்கள். ஒன்றுகூட மிஞ்சாமல், எல்லாம் ஒரே மாதிரியான கொத்துகளாகக் கட்ட வேண்டும். அதிகபட்சம் எத்தனை கொத்து? ஒரு கொத்தில் எந்த நிறம் எத்தனை?

6. சந்தூர் பக்கம் ஒரு நாற்றங்காலில் மாங்கன்றுகளை வரிசைக்கு 16, 20, 24 என்று எப்படி வைத்தாலும் 5 மிஞ்சுகிறது. மிகக் குறைவாக எத்தனை கன்று இருக்கும்?

7. 30, 45, 75-க்கு மீ.பெ.கா., மீ.சி.ம. கண்டு, இரண்டையும் பெருக்குங்கள். மூன்று எண்களின் பெருக்கலோடு ஒத்துப்போகிறதா? மேலே போட்ட சரிபார்ப்பு எத்தனை எண்களுக்குத்தான் செல்லும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

விடை (5, 6 மட்டும்; மற்றவை திங்கட்கிழமை கரும்பலகையில்): 5) 30 கொத்து; சிவப்பு 6, மஞ்சள் 5, வெள்ளை 8. 6) மீ.சி.ம. 240, கன்று 245.