சின்னவளின் உதவித்தொகைப் பத்திரம்: கையெழுத்துக்கு முன் படிக்க

அக்கா, அத்தான்,

பத்திரத்தின் 14 பக்கங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். சின்னவளையும் பெரிய அத்தானையும் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். உதவித்தொகை என்று பெயர் இருந்தாலும், வேலைக்காலம் முடியும்வரை இது கடன்தான்.

ஆண்டுத் தொடக்கத்தில் 3 லட்சம் வீதம், நான்கு ஆண்டுகளுக்கு 12 லட்சம் தருகிறார்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் சொல்லும் ஊரில் 5 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். சம்பளமில்லா விடுப்பும் மேற்படிப்பு விடுப்பும் இந்தக் கணக்கில் சேராது. அவர்களே வேலை தராவிட்டால் என்ன ஆகும் என்று பத்திரத்தில் ஒரு வரி இல்லை. ஆறு மாதத்துக்குள் பணி ஆணை வராவிட்டால் கடப்பாடு நீங்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

படிப்பைப் பாதியில் விட்டாலும், வேலையில் சேர மறுத்தாலும், இடையில் விலகினாலும் மீறல்தான். ஒவ்வொரு தவணையும் கொடுத்த நாளிலிருந்து 9 சதவீதத் தனிவட்டி ஓடுகிறது. பட்டம் வாங்கும்போதே வட்டி மட்டும் 2.7 லட்சம் ஆகிவிடும். சேராமலே போனால் 14.7 லட்சத்தை 60 நாளில் கட்ட வேண்டும்.

என்னை உறுத்துவது 7ஆம் பிரிவு. இரண்டு ஆண்டுகள் முழுதாக முடிந்த பிறகுதான் செய்த வேலைக்குக் கழிவு உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்பு விலகினால் வட்டியோடு ஏறக்குறைய 16.8 லட்சம். இரண்டு ஆண்டுகள் முடித்து விலகினால் மீதி மூன்று ஆண்டுகளுக்கான பங்கு மட்டும், வட்டியோடு சுமார் 10.1 லட்சம். ஒரு வாரத்துக்கு இவ்வளவு வித்தியாசம்! முதல் மாதத்திலிருந்தே மாத வீதத்தில் கழிக்கச் சொல்லிக் கேட்போம். மரணம், நிரந்தர ஊனம் இரண்டுக்கும் முழு விலக்கு இருப்பது ஆறுதல்.

பெரிய அத்தான் 'சாட்சிக் கையெழுத்து மாதிரிதான்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லை. அவர் பிணையாளர். 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று போட்டிருக்கிறது. சின்னவளைக் கேட்காமலேயே முழுத் தொகையையும் அவரிடம் நேரடியாகக் கேட்கலாம். நடுவில் விலக முடியாது. அவர் காலத்துக்குப் பின்பும் பொறுப்பு அவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீது நிற்கும். விதிகளை அவர்கள் பின்னால் மாற்றினாலும் தாம் கட்டுப்படுவதாக இப்போதே ஒப்புக்கொள்கிறார். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். அவர் பொறுப்புக்கு 12 லட்சம் என்று உச்சவரம்பு வையுங்கள். சின்னவளுக்குப் போகும் ஒவ்வொரு அறிவிப்பின் நகலும் அவருக்கும் வர வேண்டும்.

பத்திரம் மோசமானதல்ல, நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் ஐந்து ஆண்டுகள் வெளியூரில் இருக்கச் சம்மதமா என்பதை அவள் வாயால் சொல்லட்டும். வியாழக்கிழமைக்குள் இந்த ஐந்து திருத்தங்களையும் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை பெரிய அத்தான் கையெழுத்திட வேண்டாம்.