கறுப்பு வெல்வெட்டில் தங்கம்: தை முகூர்த்தப் பட்டியலுக்கான ப்ராம்ப்டுகள்

ஒவ்வொன்றையும் படம் உருவாக்கும் ஏஐ கருவியில் தனித்தனியாக, முழுமையாக ஒட்டவும். கெம்பையும் வைரத்தையும் ஒரே ப்ராம்ப்டில் கேட்க வேண்டாம். இரண்டும் கேட்கும் ஒளி வேறு.

கெம்பு அட்டிகை

மிக நெருக்கத்தில் எடுத்த நகைப் புகைப்படம். 22 காரட் தங்கத்தில், நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைப் பாணியில் செய்த கெம்பு அட்டிகை. நடுவே அன்னப்பட்சிப் பதக்கம், அதன் கீழே வரிசையாகச் சிறு முத்துகள். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப்/11. பதக்கம் முழுவதும் துல்லியம். அட்டிகையின் இரு முனைகளும் மெல்ல மங்கி இருளில் கரைகின்றன.

இடப்புறம் மேலிருந்து, பெரிய வெள்ளைத் திரையின் வழியாக வடிந்து வரும் ஒரே ஒளி. தங்கத்தின் வளைவுகளில் அது அகன்ற, ஓரம் மங்கிய ஒற்றைப் பட்டையாகப் படிகிறது. பட்டையின் நடுவிலும் மஞ்சள் நிறம் தங்கியிருக்கிறது, எங்கும் வெளுக்கவில்லை. வலப்புறம் கறுப்பு அட்டை: அதன் பிரதிபலிப்பு ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் மெல்லிய கருங்கோடாக ஓடுகிறது. இந்தக் கோடு கட்டாயம் வேண்டும். இது இல்லாத தங்கம் தட்டையான மஞ்சள் பூச்சாகத்தான் தெரியும்.

கெம்புகள் பட்டை தீட்டாத குமிழ்க் கற்கள். பின்புறம் தகடு வைத்து அடைத்துக் கட்டியவை. மாதுளை முத்துக்குள் விளக்கேற்றியது போல உள்ளிருந்து சிவக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு சிறு ஒளிப்புள்ளி. கற்கள் சற்றே ஒழுங்கற்றவை, கையால் கட்டியவை.

அடியில் கறுப்பு வெல்வெட். நகை அழுத்தும் இடத்தில் மட்டும் அதன் இழைகள் சாய்ந்திருக்கின்றன.

வேண்டாதவை: நட்சத்திர மினுக்கு, வானவில் சிதறல், அறையின் அல்லது கேமராவின் பிரதிபலிப்பு, வெல்வெட்டில் தூசி.

ஏழுகல் வைரத் தோடு

ஒரு ஜோடி ஏழுகல் தோடு: நடுவில் ஒரு வைரம், சுற்றிலும் ஆறு. ஒன்று நேர்முகமாக, மற்றது சற்றே சாய்ந்து பின்னால். தங்கத்துக்கு இடப்புறம் மேலிருந்து, பெரிய வெள்ளைத் திரையின் வழியாக வரும் மென்மையான ஒளி. வைரத்துக்குக் கூடுதலாக, மேலிருந்து ஊசிமுனை அளவான கூர்மையான ஒளி. பட்டைகளில் சில முழு வெண்மை, சில முழுக் கருமை. அந்தக் கருமை இருந்தால்தான் மினுக்கு எடுபடும். வானவில் நிறம் ஏழு கற்களில் இரண்டில் மட்டும், சிறு பொறியாக. பற்றுக்கம்பிகள் தெளிவாகத் தெரிகின்றன. பின்புலம் கரும்பச்சை வெல்வெட், மடிப்பு இல்லாமல்.

வேண்டாதவை: எல்லாக் கற்களும் ஒரே மாதிரி மின்னுவது, ஒளிவட்டம், நீலச் சாயல்.

கறுப்பு வெல்வெட் சாம்பலாக வெளிறினால், இரண்டாம் சுற்றுக்கு

நகையையும் அதன் ஒளியையும் அப்படியே வைத்துக்கொள். பின்புலத்தை மட்டும் மாற்று: ஒளி நகையைத் தாண்டித் துணியில் விழவில்லை. வெல்வெட் ஆழ்ந்த கறுப்பு, பட்டின் பளபளப்பு இல்லை. நகையின் அடியோரம் விரல் அகலத்துக்கு மட்டும் இழைகள் தங்கத்தின் வெதுவெதுப்பான நிறத்தை வாங்கியிருக்கின்றன. அதற்கு அப்பால் இருள்.