வாசல் மரக்கதவுக்கான மார்டைஸ் பூட்டு செட்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி, பித்தளை சிலிண்டர், 38 முதல் 52 மி.மீ. கதவுக்கு, 5 சாவிகளுடன்

விலை 88 வெள்ளி. பெட்டியில் இருப்பவை: பூட்டுப் பெட்டி, சிலிண்டர், உள்ளும் புறமும் ஒரு ஜோடிக் கைப்பிடி, சாவித்துளை மூடிகள் இரண்டு, நிலையில் பதிக்கும் தகடு, ஸ்க்ரூக்கள், 5 சாவிகள், சாவி எண் உள்ள அட்டை ஒன்று.

இது கதவின் விளிம்பில் குடைந்து உள்ளே இறக்கும் வகை. வெளியே தெரிவது கைப்பிடியும் சாவித்துளையும்தான். கைப்பிடியை அழுத்தினால் நாக்கு உள்ளே போகும். சாவியைத் திருப்பினால் கனமான தாழ் 20 மி.மீ. நீளத்துக்கு நிலைக்குள் இறங்கும். வெளிப்பக்கம் சாவி, உள்பக்கம் திருகு குமிழ். உள்ளிருந்து திறக்கச் சாவி தேடவே வேண்டாம். இரண்டு பக்கமும் சாவி போடும் சிலிண்டர் கேட்டு வருவோர் உண்டு. நாங்கள் விற்பதில்லை. நள்ளிரவில் புகை வந்தால் இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

எந்தப் பாகம் எதனால் ஆனது என்பதைத் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறோம். 'முழுக்க ஸ்டெயின்லெஸ்' என்று அட்டையில் அடித்துவிட்டு உள்ளே வேறொன்று வைப்பது இந்த வியாபாரத்தில் சகஜம். இதில் கைப்பிடி, கதவு விளிம்பில் பதியும் முன்தகடு, தாழ், நிலைத் தகடு எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சிலிண்டர் கெட்டிப் பித்தளை, மேலே மங்கலான நிக்கல் பூச்சு. சாவிகளும் பித்தளைதான், நிக்கல் பூசியவை. கதவுக்குள் மறைந்திருக்கும் பூட்டுப் பெட்டி மட்டும் துத்தநாகம் பூசிய சாதா இரும்பு. அங்கே மழையும் படாது, கையும் படாது. அதையும் ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தால் விலை ஏறும், பலன் அதிகமில்லை என்பது எங்கள் கணிப்பு.

கைப்பிடியைக் கையில் எடுத்ததுமே கனம் தெரியும். இதே போலப் பளபளக்கும் துத்தநாகக் கலவைக் கைப்பிடிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வியர்வைக் கை தினமும் பட்டால் அவற்றின் பூச்சில் கொப்புளம் வரும், அப்புறம் உரியும். 304 உரியாது, ஏனென்றால் அதற்குப் பூச்சே கிடையாது. ஆனால் ஒரு விஷயம்: பிடோக், பாசிர் ரிஸ் பக்கம் கடல்காற்று நேராக அடிக்கும் தாழ்வாரம் என்றால் 304இலும் தேநீர் சிந்தியது போலப் பழுப்புக் கறை வரலாம். அது மேலோட்டமான கறை, ஈரத்துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் மாலிப்டினம் சேர்ந்த 316 கைப்பிடி வரவழைத்துத் தருகிறோம், விலை வேறு.

அடுத்து கதவின் கனம். திருப்பிக் கொண்டுவரும் பூட்டுகளில் பெரும்பாலானவை இதில் கோட்டை விட்டவைதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கதவைத் திறந்துவைத்து அதன் விளிம்பை அளவுகோலால் அளக்க வேண்டும். மூடிய கதவையோ நிலையையோ அளக்கக் கூடாது. மேலே ஒட்டிய அலங்காரப் பட்டையும் கணக்கில் வரக்கூடாது. 38 மி.மீ. முதல் 52 மி.மீ. வரை இந்தப் பூட்டு பொருந்தும், ஆனால் ஒரே சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சாவித்துளை மூடி இரு பக்கமும் 8 மி.மீ. கனம். ஆகக் கதவின் கனத்தோடு 16 கூட்டுங்கள். சிலிண்டர் அதைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்று முதல் மூன்று மி.மீ. வரைதான் நீட்டிக்கொண்டு இருக்கலாம். அதற்கு மேல் வெளியே துருத்தினால் குறடு போட்டுப் பிடித்து முறிப்பவனுக்கு நாமே பிடி கொடுத்தது போல ஆகிவிடும்.

அந்தக் கணக்குப்படி 38 முதல் 42 வரை உள்ள கதவுக்கு 60 மி.மீ. சிலிண்டர், 43 முதல் 47 வரை 65, 48 முதல் 52 வரை 70. மூன்றுக்கும் விலை ஒன்றே. எங்கள் கடையில் அதிகம் போவது 65. வீவக வீடுகளின் கெட்டி மர வாசல் கதவு என்று அளந்து வருபவர்கள் பெரும்பாலும் 43, 44, 45 என்றுதான் சொல்கிறார்கள். அதற்காக உங்கள் கதவும் அப்படியே இருக்கும் என்று நினைத்து அளக்காமல் விட்டுவிடாதீர்கள். புதுப்பிப்பு வேலையின்போது கதவை மாற்றிய வீடுகளில் அளவு எப்படியும் இருக்கலாம்.

படுக்கையறைக் கதவுக்கு இது வேண்டாம். பூட்டுப் பெட்டியே 16 மி.மீ. கனம். 35 மி.மீ. கதவில் குடைந்தால் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர்கூட மரம் மிஞ்சாது. உள்ளே வெற்றிடமாக இருக்கும் கதவு என்றால் ஸ்க்ரூ பிடிக்கவே இடமில்லை. அறைக் கதவுக்குக் குமிழ்ப் பூட்டு 22 வெள்ளிக்கு இருக்கிறது, 3 சாவியோடு. அது போதும்.

இன்னும் இரண்டு அளவுகள். கதவின் விளிம்பிலிருந்து சாவித்துளையின் நடு வரை 60 மி.மீ., கைப்பிடி நடுவிலிருந்து சாவித்துளை நடு வரை 72 மி.மீ. பழைய மார்டைஸ் பூட்டைக் கழற்றிவிட்டு இதைப் போடுவதாக இருந்தால் இவை இரண்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கதவில் பழைய ஓட்டை பல்லிளிக்கும். முன்தகடு 235 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம். நாக்கைத் திருப்பிப் போடலாம் என்பதால் இடப்பக்கக் கதவா வலப்பக்கக் கதவா என்ற கவலை இல்லை.

நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல், மரக்கதவுக்கு முன்னால் நிற்கும் இரும்பு கேட். இந்தக் கைப்பிடி கதவிலிருந்து 58 மி.மீ. வெளியே நீளும். கேட்டை மூடிய நிலையில் கதவுக்கும் கேட்டுக் கம்பிக்கும் நடுவே குறைந்தது 70 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டின் பூட்டுப் பெட்டி உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தால் அதிலிருந்து அளக்க வேண்டும். போன தீபாவளிக்கு முன்னால் ஈசூனில் ஒரு அக்கா வீட்டில் எல்லாம் கச்சிதமாகப் பொருத்தி முடித்த பிறகுதான் கேட் மூடவில்லை என்று தெரிந்தது. நாலே மி.மீ. இடித்தது. கேட்டை அளக்காமல் விட்டது எங்கள் தப்பு. தட்டையான கைப்பிடி மாற்றிக் கொடுத்து, கூலியும் வாங்காமல் வந்தோம். அன்றிலிருந்து கேட்டின் படம் கேட்காமல் ஆர்டர் எடுப்பதில்லை.

மின்தூக்கிக்கோ படிக்கட்டுக்கோ அருகில் உள்ள சில வீடுகளில் வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்கும், அரை மணி நேரம் தீயைத் தாங்கும்படி செய்தது. அப்படிப்பட்ட கதவின் விளிம்பில் சோதனை முத்திரை உள்ள சின்ன வில்லை ஒட்டியிருக்கும். இருந்தால் இந்தப் பூட்டை வாங்காதீர்கள். அந்தக் கதவைக் கண்டபடி குடைந்தால் தீத்தடுப்பே போய்விடும். அதற்கென்று சோதித்த பூட்டைத்தான் போட வேண்டும், நாங்கள் அதை வைத்திருப்பதில்லை.

சாவிகள் ஐந்தும் முத்திரையிட்ட பையில் வரும், பையை நீங்களே பிரியுங்கள். பக்கவாட்டில் பல் வெட்டிய சாவி இல்லை, முகத்தில் குழி குழியாக இருக்கும் ரகம். கம்ப்யூட்டர் சாவி என்று கேட்டு வருகிறார்கள். கம்ப்யூட்டர் எதுவும் இதில் இல்லை, உள்ளே ஆறு பின்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் ஏறும், இருட்டில் வரும் பிள்ளைகளுக்கு வசதி. சிலிண்டருக்குள் ஒரு கெட்டி எஃகுப் பின் இருப்பதால் துளை போட்டுத் திறப்பது அத்தனை எளிதல்ல.

ஐந்து எதற்கு என்று கேட்பவர்கள் வீட்டில் எண்ணிப் பார்க்கலாம்: கணவன், மனைவி, பாட்டி, பணிப்பெண், அப்புறம் பள்ளி விட்டு வரும் பையன். அப்போதும் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்க ஒன்று குறையும். கூடுதல் சாவி ஒன்றுக்கு 12 வெள்ளி. எண் அட்டையைக் கொண்டுவந்தால்தான் வெட்டித் தருவோம். அட்டையைச் சாவிக்கொத்தோடு சேர்த்து மாட்டிவைக்காதீர்கள், தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும்.

வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு: குடியிருந்தவர் மாறும்போது முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. முன்தகட்டில் உள்ள ஒரே ஒரு நீள ஸ்க்ரூவைக் கழற்றிச் சாவியைக் கொஞ்சம் திருப்பினால் சிலிண்டர் தனியே வந்துவிடும். புது சிலிண்டர், 5 புதுச் சாவிகளோடு, 34 வெள்ளி. பத்து நிமிட வேலை, நீங்களே செய்யலாம்.

பழைய பூட்டு இருந்த இடத்திலேயே பொருத்திக் கொடுக்க 50 வெள்ளி, புதிதாகக் குடைய 90. உளி பிடிக்கத் தெரிந்தவர் தானே பொருத்தலாம். தாளில் அச்சிட்ட அளவுப்படம் பெட்டியில் இருக்கிறது, கதவில் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். முதல் நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். கிராஃபைட் தூளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை துளையில் ஊதினால் போதும். டிசம்பர், ஜனவரி மழையில் கதவு ஊதித் தாழ் இறங்க மறுத்தால் சாவியை முறுக்க வேண்டாம், கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துத் திருப்புங்கள். அப்படியும் சிரமம் என்றால் நிலைத் தகட்டை ஓரிரு மி.மீ. நகர்த்த வேண்டியிருக்கும்.

கேட்டுக்குத் தொங்கு பூட்டு தேடி வந்தவர்களுக்கு: 50 மி.மீ. பித்தளை உடல், 8 மி.மீ. கெட்டி எஃகு வளையம், 3 சாவி, 18 வெள்ளி. அதற்குக் கதவின் கனம் முக்கியமில்லை, வளையம் கேட்டின் துளையில் நுழைந்தால் சரி.

பூட்டுப் பெட்டிக்கும் சிலிண்டருக்கும் ஓராண்டு உத்தரவாதம். முறிந்த சாவிக்கும் கடல்காற்றுக் கறைக்கும் கிடையாது. பொருத்தாத பூட்டை, சாவிப் பை பிரிக்காமல், ஏழு நாளுக்குள் திருப்பலாம். தேக்காவில் உள்ள கடைக்கு வந்து வாங்கலாம், ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. வீட்டுக்கு அனுப்ப 5 வெள்ளி. ஆர்டர் செய்யும்போது கதவின் கனம், கேட்டுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி இரண்டையும் மி.மீ. கணக்கில் எழுதி, கேட்டை மூடி எடுத்த படம் ஒன்றும் அனுப்புங்கள். இப்போது கையிருப்பில் 65 சிலிண்டரோடு 11 செட், 60இல் 4, 70இல் இரண்டே இரண்டு.