காலபோக விதைப்புக்கு முன்: கமக்காரருக்குப் பரந்தன் கடையிலிருந்து ஒரு தகவல்

வணக்கம். விதைநெல் வந்திறங்கிவிட்டது. ஏ.ரி 362 (சிவப்பு, மூன்றரை மாதம்), பி.ஜி 352 (வெள்ளை, மூன்றரை மாதம்), பி.ஜி 300 (வெள்ளை, மூன்று மாதம்) ஆகியவை கையிருப்பில் உண்டு. ஒரு புசல் மூட்டை 20.5 கிலோ. அத்தாட்சிச் சிட்டை இல்லாத மூட்டையை எங்களிடமும் வாங்காதீர்கள்.

எந்த இனம் கூட விளையும் என்று கேட்கிறீர்கள். அதை உங்கள் மண்ணும் மழையும்தான் சொல்லும், நாங்கள் சொல்லமாட்டோம். வயதைப் பார்த்து எடுங்கள். புரட்டாதியில் புழுதி விதைப்பவர்களுக்கு மூன்றரை மாதம் பொருந்தும். அந்த நேரத்தில் மூன்று மாத நெல்லை விதைத்தால் மார்கழி அடைமழையில் பூத்துச் சப்பி கூடும். பிந்தி விதைக்கும் மானாவாரிக் காணிக்கு மூன்று மாதமே நல்லது. மழை ஓயும் முன் கதிர் முற்றிவிடும். இரணைமடுத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் பயிர்ச்செய்கைக் கூட்டத்துத் திகதி தெரிந்த பின் வாங்குங்கள். பள்ளக் காணிக்காரர் பிந்த வேண்டாம்: 2024 நவம்பர்க் கடைசி வெள்ளத்தை மறந்திருக்கமாட்டீர்கள். சின்னப் பயிர் மூழ்கினால் தப்பாது.

சொந்த விதை வைத்திருப்பவர்கள் 100 நெல்லை எண்ணி, நனைத்த சாக்கில் சுற்றி வையுங்கள். ஒரு கிழமையில் 85 முளைத்தால் புதிதாக வாங்கத் தேவையில்லை. களைநெல் வந்த வயல் விதையை மட்டும் தவிருங்கள்.

ஏக்கருக்கு இரண்டு புசல் போதும். நாலு புசல் வீசினால் பயிர் நெருங்கி, அடியில் காற்றோட்டமில்லாமல் அறக்கொட்டியான் பிடிக்கும். பிறகு மருந்துக்கு எங்களிடம்தான் வரவேண்டும். சேற்று விதைப்புக்கு 24 மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, சாக்கால் மூடி, முளை வெள்ளையாகத் தெரிந்ததும் வீசுங்கள். முளை நீண்டால் வீசும்போது முறியும். புழுதிக்கு ஊறவைக்கவே வேண்டாம்.

பசளை: பாய்ச்சல் காணியில் மூன்றரை மாத நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ யூரியா 90 கிலோ, ரி.எஸ்.பி 22 கிலோ, எம்.ஓ.பி 24 கிலோ. மானாவாரிக்கு யூரியா குறையும்; அளவைப் போதனாசிரியரிடம் கேளுங்கள். ரி.எஸ்.பி முழுவதும் அடிப்பசளை, கடைசி உழவோடு. யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் 2ஆம், 4ஆம், 6ஆம், 7ஆம் கிழமைகளுக்குப் பிரியுங்கள். வயலில் தண்ணீர் மெல்லிசாக நிற்கவேண்டும், வாய்க்காலை அடைத்துவிடுங்கள். பனி காயாத இலையில் வீசினால் கருகும். மழை இருண்டு நிற்கும்போது வீசினால் காசு வாய்க்காலில் போகும். யூரியாவையும் ரி.எஸ்.பியையும் முன்கூட்டிக் கலந்து வைத்தால் கசிந்து களியாகிவிடும்.

யூரியா கட்டிபட்டிருந்தாலும் பழுதில்லை, உடைத்துப் போடலாம்.

களைநாசினிக்கு வரும்போது மூன்று விடயம் சொல்லுங்கள்: சேறா புழுதியா, விதைத்து எத்தனை நாள், நெற்சப்பியா கோரையா. தெரியாவிட்டால் களையைப் பிடுங்கிக் கொண்டு வாருங்கள்.

விலை கடைப் பலகையில் எழுதியிருக்கும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, மூட்டைச் சிட்டையோடு அறுவடை வரை வைத்திருங்கள். முளைப்பில் பிரச்சினை என்றால் அவை இரண்டும் இல்லாமல் நாங்கள் விதை தந்தவர்களிடம் பேசமுடியாது. விதைப்பு முடியும் வரை காலை 7 மணிக்குத் திறப்போம், ஞாயிறும் உண்டு.