‘எட்டுக் கிலோ குறைவு’ நாவல் வெளியீட்டு விழாவில் ஆற்றிய அறிமுக உரை

அவைத் தலைவர் அவர்களே, தன் முதல் நாவலோடு மேடையில் அமர்ந்திருக்கும் நூலாசிரியர் அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் மேல்மலைக் கிராமங்களிலிருந்தும் வத்தலகுண்டு, பெரியகுளத்திலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அறிமுக உரை என்றால் கதையைச் சொல்லிவிடக் கூடாது, சொல்லாமலும் இருக்கக் கூடாது. ஆகவே கதையில் முதல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கொடைக்கானல் மலையைக் கடந்த சில நாள்களுக்குப் பிறகு, மேல்மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த வீரம்மாள், மட்டக்குதிரைகளில் மலைப்பூண்டுப் பொதியோடு வடுகபட்டிச் சந்தைக்கு வந்து சேர்கிறாள். மரங்கள் விழுந்து சாலை அடைபட்டிருந்ததால், வட்டக்கானல், வெள்ளகவி, கும்பக்கரை என்று பழைய நடைபாதை வழியாகவே இறங்கியிருக்கிறாள். மண்டியில் எடை போடுகிறார்கள். ஊரில் போட்ட எடைக்கும் இங்கே தராசு காட்டும் எடைக்கும் எட்டுக் கிலோ வித்தியாசம். “ஏம்மா குறையுது?” என்று மண்டிக் கணக்கர் கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்கு வீரம்மாள் சொல்லும் பதில்தான் முந்நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் இந்த நாவல்.

இந்தத் தொடக்கத்தின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன்மையில் சொல்லப்படும் நாவல்கள் பலவற்றில், இந்த மனிதர் யாரிடம், எதற்காக இதையெல்லாம் சொல்கிறார் என்ற கேள்விக்கு விடை இருப்பதில்லை. இங்கே கேட்பவர் யார் என்பது தெரியும். அவர் கையில் கணக்கு நோட்டு இருக்கிறது, அவருக்கு நேரமில்லை, அவர் நம்பப் போவதுமில்லை. அவரை நம்பவைக்க வேண்டிய கட்டாயத்திலிருந்துதான் வீரம்மாளின் குரல் பிறக்கிறது. அதனால் அவள் எதையும் எடையாகவும் ரூபாயாகவும் சொல்லித் தொடங்குகிறாள். கணவனின் இடுப்பு முறிந்த நாளைச் சொல்லும்போதுகூட, அன்றைக்குக் குதிரை மேல் இருந்தது உருளைக்கிழங்கா பூண்டா, அதில் எவ்வளவு பள்ளத்தில் போனது என்றுதான் முதலில் சொல்கிறாள். துக்கம் அதற்குப் பின்னால், அவள் சொல்ல நினைக்காத இடத்தில் வந்து நிற்கிறது. “அவரைத் தூக்கிட்டு வர ஆறு பேர் வேணும். பொதிய எடுக்க ரெண்டு பேர் போதும். அதனால பொதிய முதல்ல எடுத்தோம்” என்ற வரிகளைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

பூண்டு உலர்ந்தால் எடை குறையும் என்பது இந்த அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். அறுத்த பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, கீழே அடுப்புப் புகை படும்படி வைப்பதை நீங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் அதன் மருத்துவ குணத்தையும் மணத்தையும் எழுதின. பரணுக்குக் கீழே இருமிக்கொண்டு படுத்திருப்பவர்களை எழுதவில்லை. நாவலாசிரியர் அந்தப் பரணுக்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் கொடுத்திருக்கிறார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கட்டை முதலில் திருப்பிப் போடுகிறார்கள், குழந்தையின் தொட்டிலை எங்கே நகர்த்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அத்தியாயம் முடியும்போது எட்டுக் கிலோவில் எத்தனை கிலோ புகைக்குப் போனது என்று வீரம்மாள் கணக்குக் காட்டுகிறாள். மீதிக்கு அவள் இன்னும் பதில் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நாமும் மண்டியில் நின்றாக வேண்டும்.

இனி அமைப்பைப் பற்றி. நாவலுக்கு இரண்டு பாகங்கள்: ‘இறக்கம்’, ‘ஏற்றம்’. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து பெரியகுளத்துச் சமவெளிக்கு இறங்கும் பாதையில் குதிரைகள் நின்று மூச்சு வாங்கும் ஒவ்வோர் இடமும் ஓர் அத்தியாயம். திரும்பும்போது அதே இடங்கள் தலைகீழ் வரிசையில் வருகின்றன. இவ்வளவு மட்டும் என்றால் திட்டமிட்ட சாதுரியம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் பாதை வாக்கியத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. ‘இறக்கம்’ பாகத்தில் வாக்கியங்கள் வினையெச்சத்தின் மேல் வினையெச்சமாக, கால் நழுவி, பிடித்து, சறுக்கி, நிதானித்து, வினைமுற்றைப் பக்கத்தின் அடிவரை தள்ளிக்கொண்டே போகின்றன. ‘ஏற்றம்’ தொடங்கியதும் மூன்று சொல், நான்கு சொல்லில் முற்று விழுந்துவிடுகிறது. ஏறுகிறவளுக்குப் பேச மூச்சில்லை. தமிழ் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி என்பதை எல்லோரும் அறிவோம். அதைக் கதையின் உடல் உழைப்புக்கு இவ்வளவு பொருத்தமாகப் பயன்படுத்திய ஒரு முதல் நாவலை நான் அண்மையில் படித்ததில்லை.

இந்த ஒரே பயணத்தின் நினைவுகளில் பன்னிரண்டு ஆண்டுகள் வந்து போகின்றன. 2006-ல் குறிஞ்சி பூத்தபோது வீரம்மாள் புது மணப்பெண். 2018-ல் மறுபடி பூத்தபோது நான்கு குதிரைகளுக்கு உரியவள். குறிஞ்சித் திணையும் புணர்தலும் நமக்குப் பாடத்திலேயே இருப்பதால், மலையில் நடக்கும் கதை என்றால் பூ விரிந்ததும் காதலும் விரியும் என்று எதிர்பார்க்கப் பழகியிருக்கிறோம். ஆசிரியர் அதற்கு இடம் தரவில்லை. முதல் குறிஞ்சிக்கு அரைப் பக்கம், இரண்டாவதற்கு ஒரே வாக்கியம்: “அந்த வருசம் பூப் பாக்க வந்தவங்க ரொம்ப, குதிரைக்கு ஓய்வில்ல.” அவ்வளவுதான். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மேடையில் பாராட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனால் எழுதியவருக்கு நியாயம் செய்ததாகாது. மகள் திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கும் அத்தியாயத்தில் வீரம்மாளின் குரல் சற்றுத் தளர்கிறது. அங்கே மட்டும் அவள் மண்டிக் கணக்கரிடம் பேசாமல் நம்மிடம் பேசுகிறாள். மலைப் பிள்ளைகள் கீழே படும் பாட்டை நமக்கு விளக்குகிறாள். வேறெங்கும் விளக்காதவள் என்பதால்தான் அது துருத்திக்கொண்டு தெரிகிறது. சேணம் கட்டும் முறையையும் லாடம் தேய்ந்த ஓசையையும் அருஞ்சொற்பொருள் இல்லாமலே வாசகருக்குப் புரியவைத்த ஆசிரியர், அந்த அத்தியாயத்திலும் நம்மை நம்பியிருக்கலாம்.

எட்டுக் கிலோவில் கடைசி இரண்டு கிலோ எங்கே போனது என்பதை வீரம்மாள் கணக்கரிடம் சொல்வதில்லை. ‘ஏற்றம்’ பாகத்தில், வெறும் சேணத்தோடு குதிரைகள் திரும்பும் வழியில், வெள்ளகவிக்கு மேலே ஓரிடத்தில் நமக்கு அது தெரியவருகிறது. ஒரே வழியில் இரண்டு முறை நம்மை ஏன் நடத்திக் கூட்டிப் போனார் என்பது அங்கேதான் விளங்குகிறது. அந்தப் பக்கத்தை இங்கே நான் சொல்லப் போவதில்லை. ஆசிரியரும் இன்று அதை வாசிக்கப் போவதில்லை என்று உறுதி கொடுத்திருக்கிறார்.

முதல் பிரதியை, மேல்மலையில் இன்றும் பொதிக்குதிரை ஓட்டும் பெரியவர் ஒருவர் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். அவர் முன்வரிசையில் இருக்கிறார். அவரையும், நூலை வெளியிட அவைத் தலைவர் அவர்களையும் அழைக்கிறேன். அதன் பின் பரண் அத்தியாயத்திலிருந்து ஆசிரியர் சில பக்கங்கள் வாசிப்பார். நன்றி, வணக்கம்.