திங்களூர் தண்ணீர்ப் பந்தல்

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க நிழல்ல தள்ளி உக்காந்துக்குங்க, பசங்க முன்னாடி வந்து தரையில உக்காருங்க. இன்னைக்கு சித்திரை சதயம், அப்பர் சுவாமிகளோட, அதாவது திருநாவுக்கரசரோட குருபூஜை. நம்ம தெரு முனையில பஸ் ஸ்டாப் பக்கத்துல நீர்மோர்ப் பந்தலும் இன்னைக்குத்தான் ஆரம்பிக்கிறோம். பேனர்ல என்ன எழுதலாம்னு போன வாரம் பேச்சு வந்தப்ப, காசு கொடுத்தவங்க யாருமே எங்க பேரு வேணும்னு கேக்கல, "திருநாவுக்கரசர் தண்ணீர்ப் பந்தல்"னு மட்டும் எழுதிடுவோம்னு முடிவாச்சு. அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, தெரிஞ்சவங்களும் இன்னொரு தடவ கேளுங்க, எனக்கு எத்தனை தடவ சொன்னாலும் அலுக்காத கதை.

இங்கேர்ந்து திருவையாறு தாண்டி கும்பகோணம் ரோட்டுல போனா திங்களூர். இப்ப எல்லாரும் சந்திரன் கோயில்னு போறோம்ல, அதே ஊருதான். ஏழாம் நூற்றாண்டுல அங்க அப்பூதி அடிகள்னு ஒருத்தர் இருந்தார். அவர் அப்பரைக் கண்ணால பாத்ததே இல்ல, குரலக் கூட கேட்டதில்ல. ஒரு மனுஷன் சூலை நோயில துடிச்சு, திருவதிகையில ஈசன் காலப் பிடிச்சு, அப்புறம் ராஜா அவரக் கல்லோட கட்டிக் கடல்ல போட்டும் அஞ்செழுத்து சொல்லிக் கரையேறினாருன்னு கேள்விப்பட்டார், அவ்ளோதான். கேள்விப்பட்டதுக்கே வீட்டுல இருந்த எல்லாத்துக்கும் அந்தப் பேர வச்சுட்டார். பெரிய பையன் மூத்த திருநாவுக்கரசு, சின்னவன் இளைய திருநாவுக்கரசு, மாட்டுக்கும் அதே பேரு, அளக்குற படிக்கும் எடை போடுற கோலுக்கும் அதே பேரு. ஊர்ல குளம் வெட்டினாலும் வழியில தண்ணீர்ப் பந்தல் போட்டாலும் திருநாவுக்கரசுன்னு எழுதி வச்சுடுவார்.

இன்னொன்னும் யோசிச்சுப் பாருங்க, அப்பூதி அந்தணர், அப்பர் வேளாளர். அந்தக் காலத்துல இது சாதாரணம் இல்ல. ஆனா இந்தக் கதையில யாருமே அத நின்னு யோசிக்கல, அதுவே எனக்குப் பெரிசா படுது.

ஒரு நாள் அப்பர் திருப்பழனத்துல சாமி கும்பிட்டுட்டு திங்களூர் வழியா நடந்து வர்றார். வழியில ஒரு பந்தல், குளுகுளுன்னு நிழல், குடிக்கத் தண்ணி, எங்க பாத்தாலும் தன்னோட பேரு! இங்க ஒரு விஷயம் சொல்லணும். பெரியபுராணம் பாடின சேக்கிழார் இதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு செய்தி சொல்லிட்டுப் போறார், நம்மள்ல நிறைய பேர் அத கவனிக்காம தாண்டிடுவோம். அப்பர் சின்ன வயசுல மருள்நீக்கியாரா இருந்தப்ப, அம்மா மாதினியாரும் அப்பா புகழனாரும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க, அக்கா திலகவதியாருக்கு நிச்சயம் பண்ணியிருந்த கலிப்பகையாரும் போர்ல இறந்துட்டார். அக்காவும் உயிர விடப் போறேங்குறாங்க, தம்பி கால்ல விழுந்து அழுது நிறுத்துறான், நீயும் போனா நானும் போயிடுவேன்னு. தம்பிக்காக அக்கா இருந்தாங்க. அந்தத் துக்கமெல்லாம் கொஞ்சம் ஆறின பிறகு அந்தப் பையன் செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா, இந்த உலகத்துல எதுவும் நிலைக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, கையில இருந்த சொத்த எடுத்து அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தலும் வச்சான்.

அதுக்கப்புறம்தான் சமணம், தருமசேனர்ங்கற பேரு, சூலை நோய், கொதிக்கிற சுண்ணாம்புக் காளவாய், கல்லு, கடல் எல்லாம். எவ்வளவோ தாண்டி வயசான காலத்துல தோள்ல உழவாரத்தோட நடந்து வர்றவர் கண்ணு முன்னாடி மறுபடி ஒரு தண்ணீர்ப் பந்தல் நிக்குது. இந்தத் தடவ அவர் வச்சது இல்ல, அவர் பேர்ல யாரோ வச்சது. அப்ப அவருக்கு உள்ளுக்குள்ள என்ன இருந்திருக்கும்னு சேக்கிழார் சொல்லல, ஆனா எனக்கு அந்த இடத்த வாசிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். தம்பிக்காக உயிரோட இருந்த அந்த அக்காவ அவர் நெனச்சிருக்க மாட்டாரா?

பந்தல்ல இருந்தவங்க கிட்ட விசாரிச்சுட்டு அப்பூதி வீட்டு வாசலுக்கே போயிட்டார். அப்பூதி வாங்கன்னு கும்பிட்டு வரவேற்கிறார், யாருன்னு தெரியாமலே. அப்பர் கேக்குறார், பந்தல் வச்சது நீங்க, உங்க பேர எழுதாம வேற ஒருத்தர் பேர எழுதியிருக்கீங்களே, என்ன காரணம்? அப்பூதிக்குக் கோவம் வந்துடுச்சு. சாந்தமான மனுஷன், அவருக்கே வந்துடுச்சு! பாக்க சிவனடியார் மாதிரி இருக்கீங்க, திருநாவுக்கரசரப் போயி வேற ஒருத்தருன்னு சொல்றீங்களே, நீங்க யாரு எந்த ஊருன்னு கேட்டுட்டார். அப்பர் ரொம்ப தாழ்மையா, சூலை நோய் கொடுத்து இறைவன் ஆட்கொண்ட சின்ன ஆள் நான்தாங்கன்னார். அவ்ளோதான், அப்பூதி அழுதுக்கிட்டே கால்ல விழுந்து எழுந்து ஆடுறார், பாடுறார், உள்ள ஓடி மனைவி மக்கள எல்லாம் கூட்டிட்டு வர்றார்.

அப்புறம் சாப்பாடு. அடுப்புல எல்லாம் தயாராகுது, மூத்த பையன வாழைக் குருத்து அறுத்துட்டு வரச் சொல்றாங்க. இவ்ளோ பெரிய வேலை எனக்குக் கொடுத்தாங்களேன்னு ஓடுறான், தோட்டத்துல பாம்பு கையில கடிச்சிடுது. விஷம் ஏறுறதுக்குள்ள இலையக் கொண்டு போய் கொடுத்துடணும், சொன்னா சாப்பாடு தடைப்பட்டுடும்னு ஓடி வந்து அம்மா கையில இலையக் கொடுத்துட்டு கீழ விழுந்துட்டான். (பசங்களா, நீங்க அப்படிப் பண்ணக் கூடாது. பாம்பு கடிச்சா அந்த நிமிஷமே சத்தம் போட்டுச் சொல்லணும், கடிச்ச கையக் காலை ஆட்டாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து இருக்கு. இத நான் சொல்லாம இந்தக் கதைய சொல்ல மாட்டேன்.)

அம்மாவும் அப்பாவும் பிள்ளைய பாயில சுத்தி ஒரு ஓரமா மறைச்சு வச்சுட்டு, முகத்துல காட்டிக்காம சுவாமி சாப்பிட வாங்கன்னு கூப்பிடுறாங்க. ரெண்டு பிள்ளை பெத்தவளா சொல்றேன், இந்த இடம் எனக்கு ரொம்ப கஷ்டம். என்னால முடியாது. யாராலயும் முடியணும்னும் நான் நெனைக்கல. அந்தத் தாயோட பக்தி பெரிசு, கும்பிடறேன், ஆனா எனக்கு அதுக்கு அடுத்து நடக்குறதுதான் வாழ்நாள் பூரா போதும்.

அப்பர் கை கால் கழுவிட்டு வந்து உக்கார்றார், திருநீறு எடுத்து எல்லாருக்கும் கொடுக்குறார். கொடுத்துட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி உங்க மூத்த பிள்ளையக் கூப்பிடுங்க, அவனுக்கும் திருநீறு வைக்கணும்ங்கறார். பாருங்க, வந்து கொஞ்ச நேரம்தான் ஆகுது, அத்தனை பேர் நிக்கிற வீட்டுல யாரு இல்லேங்கறத அவரு பாத்துட்டார். அப்பூதியால பொய் சொல்லவும் முடியல, உண்மைய சொல்லவும் முடியல, "இப்போது இங்கு அவன் உதவான்"னு மட்டும் சொல்றார். அந்த ஒரு வார்த்தையில அப்பர் நெஞ்சு தடுமாறிடுச்சாம். இலை போட்டாச்சு, பசி நேரம், உபசரிக்கிறவங்க நல்லா சிரிச்ச முகமா நிக்கிறாங்க, பேசாம சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம். போகல. என்ன நடந்துச்சு உண்மைய சொல்லுங்கன்னார். கேட்டதும் எழுந்துட்டார், பிள்ளைய கோயில் முன்னாடி கொண்டுவரச் சொல்லி "ஒன்றுகொலாம்"னு பதிகம் பாடினார், தூங்கி எழுந்தவன் மாதிரி பிள்ளை எழுந்தான். அதுக்கப்புறம்தான் அப்பூதி வீட்டுக்குத் திரும்பி வந்து எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டார்.

செத்த பிள்ளை எழுந்ததுல எனக்கு நம்பிக்கை இருக்கு, இல்லாதவங்க இங்க இருந்தா அவங்களோட நான் வாதாட மாட்டேன். ஆனா அந்தக் கேள்வி இருக்கு பாருங்க, மூத்த பிள்ளைய எங்கன்னு கேட்டது, அதுக்கு அற்புதமெல்லாம் வேண்டாம். ஒரு வீட்டுக்குப் போய் யாரு முகத்தக் காணோம்னு பாக்குற கண்ணு இருந்தா போதும். பாக்காத ஒருத்தருக்காக நிழலும் தண்ணியும் வச்சுட்டுக் காத்துக்கிட்டிருந்தது அப்பூதியோட அன்பு, பாத்த கொஞ்ச நேரத்துல அந்த வீட்டோட மறைச்ச துக்கத்தக் கேட்டு வாங்கிக்கிட்டது அப்பரோட அன்பு. நான் ரெண்டையும் சேத்துத்தான் பாக்குறேன்.

நம்ம பந்தல்லயும் அது நடக்கும்னு எனக்கு ஆசை. போன வருஷம் கோயில் வாசல்ல மோர் ஊத்தினப்ப தினமும் ஒரு பழைய பேப்பர் வாங்குற தாத்தா வருவாரு, ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு மூணாவத பாட்டில்ல வாங்கிட்டுப் போவாரு. நம்ம பக்கத்து வீட்டு அக்காதான் யாருக்கு தாத்தா அதுன்னு கேட்டாங்க. வீட்டுல சம்சாரம் படுத்த படுக்கையா இருக்குன்னு அப்பதான் சொன்னாரு. அன்னையிலேர்ந்து மதியம் ஒரு சாப்பாடும் அந்த வீட்டுக்குப் போச்சு, அக்கா இங்கதான் உக்காந்திருக்காங்க, பேர சொன்னா கோச்சுக்குவாங்க. குப்பை வண்டி தள்ளுற அம்மாங்க, ஆட்டோக்காரங்க, டியூஷன் போற பிள்ளைங்க எல்லாம் இந்த வழியாத்தான் போவாங்க. யாராவது தினமும் வந்துட்டு நாலு நாள் வரலன்னா, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்.

அப்பர் அப்பூதியோட பேர திருப்பழனப் பதிகத்துல வச்சுப் பாடிட்டார், சுந்தரர் "ஒருநம்பி அப்பூதி அடியார்க்கும் அடியேன்"னு திருத்தொண்டத் தொகையில கும்பிட்டுட்டார். பந்தல்ல தன்னோட பேர எழுதிக்காதவர் பேரு இப்படித்தான் நம்ம வரைக்கும் வந்திருக்கு.

இப்ப நம்ம பிள்ளைங்க "ஒன்றுகொலாம்" பதிகம் பாடுவாங்க, பத்து பாட்டும் மனப்பாடம் பண்ணியிருக்காங்க, நடுவுல தடுமாறினா பெரியவங்க கூட சேந்து எடுத்துக் கொடுங்க. பாடி முடிச்சதும் தீபாராதனை, அப்புறம் எல்லாரும் பந்தலுக்குப் போவோம். மோர்ல இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம் போட்டிருக்கு, பச்சை மிளகாய் சேராதவங்களுக்குத் தனிப் பானை இருக்கு. முதல் டம்ளர் ரோட்டுல போறவங்களுக்கு, நம்ம அப்புறம் குடிக்கலாம். பதினொரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் யாரு எப்ப நிக்கணும்னு லிஸ்ட் தூண்ல ஒட்டியிருக்கு, செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு இன்னும் ஆள் வேணும், முடிஞ்சவங்க போகும்போது எழுதிட்டுப் போங்க. திருச்சிற்றம்பலம்.